அக்காவின் பஞ்சாபி சூட்

வாய்க்கொழுப்பு என்பார்களே, எனக்கு அது விரல் நுனியிலும் உண்டு.

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் மாலை வேளைகளில், பாட்டுப் போட்டு ஆடும் உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். என்னை முதலில் அங்கே இழுத்துக்கொண்டு போனது கீழ்வீட்டு அக்காதான். நாலு மாதத்தில் நான் இளைத்தேன். அக்கா அப்படியே இருந்தார். ஆனால் ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை.

"சிஸ்டர், உங்க புரோகிரஸ் பத்தி பேஸ்புக்ல ஒரு போஸ்ட் போடுங்கலா. நாலு பேரு புதுசா வருவாங்க," என்றார் வகுப்பு நடத்தும் மாஸ்டர். சொன்னதுதான் தாமதம். கோயில் திருவிழாவில் பஞ்சாபி சூட் போட்டு எடுத்த என் பழைய படத்தை இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் அதே சூட்டில், இடுப்பில் தொளதொளத்த துணியை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டிச் சிரிக்கும் நான். கீழே எழுதினேன்: 'இந்தக் கூடாரத்துக்குள்ள இருந்த பூதம் நான்தான்! நாலே மாசம். சோம்பேறித்தனத்தை விட்டா உங்களுக்கும் கண்டிப்பா நடக்கும்!'

லைக் குவிந்தது. அக்கா அடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை. காய்ச்சலோ என்று போய்க் கதவைத் தட்டினேன்.

"அந்தக் கூடாரம் என்னோடதுலா," என்றார்.

ஐயோ! திருவிழாவுக்கு என் துணி எதுவும் பத்தாமல், அவரிடம் இரவல் வாங்கிய சூட் அது. திருப்பித் தராமலே வைத்திருந்தேன். பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து பதிவை நீக்கினேன். புதிதாக, 'குண்டா இருக்கிறதும் அழகுதான், ஆனா...' என்று தொடங்கினேன். அந்த 'ஆனா'விலேயே பழைய திமிர் எட்டிப் பார்த்தது. அழித்தேன். அக்காவுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதினேன். எல்லாரும் அவர் யார் என்று தேடி, அவர் உடம்பைப் பார்ப்பார்களே என்று அதையும் அழித்தேன். படம் வைக்கவில்லை. கடைசியில் நின்றது இது:

'முன்பு நான் போட்ட பதிவு தவறு. மன்னியுங்கள். முதல் நாள் இரண்டு பாட்டுக்கே உட்கார்ந்துவிட்டேன். இப்போது முழு வகுப்பும் ஆட முடிகிறது, மாடி ஏறினால் முன்போல் மூச்சு வாங்குவதில்லை. இது எனக்கு நடந்தது. உங்களுக்கும் இப்படியே நடக்குமா என்று எனக்குத் தெரியாது. மூட்டுவலி, பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். எந்த உடம்போடும் வரலாம். களைத்தால் உட்காரலாம்.'

அடுத்த வகுப்புக்கு அக்கா வந்தார். என் பக்கத்தில் நிற்கவில்லை, கடைசி வரிசைக்குப் போனார். வகுப்பு முடிந்ததும், துவைத்து இஸ்திரி போட்ட சூட்டை அவரிடம் நீட்டினேன்.

"புது போஸ்ட் படிச்சேன். நல்லா எழுதியிருக்க," என்றார். சூட்டை வாங்கவில்லை. "எனக்கு ரொம்பப் பிடிச்ச சூட்டு இது. நீயே சொல்லு, இனிமே இத நான் எங்க போட்டுக்கிட்டுப் போறது?"