இடது கையில் காப்பு

அம்மாவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசி குத்த அந்த ஃபிஸ்டுலாதான் வழி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான் என்பதால், நர்ஸ் மிஸி ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொல்வது என் வேலை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. இறுக்கமாக எதுவும் போடக்கூடாது. சிவந்தாலோ வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல்கள் சில்லிட்டாலோ, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே வர வேண்டும். ரத்தம் ஓடும் அதிர்வு அங்கே நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

காலையில் அம்மாவுக்குத் தேநீர் கொடுக்குமுன் அங்கே விரல் வைத்துப் பார்ப்பேன். தோலுக்கடியில் மெல்ல இரைந்துகொண்டிருக்கும்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்து, விரதமும் இருந்துவந்தார். நான் வேலைக்குப் போயிருந்த அன்று அத்தை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காப்புக் கட்டி வந்துவிட்டார். பெண்களுக்கு இடது கை. மஞ்சள் கயிறு தையல் தழும்பின் மேலேயே இறுகியிருந்தது. விரல் வைத்தேன், அதிர்வு இருந்தது.

"அவுத்துருவோம்மா."

"காப்ப தொடாத. நேர்த்திக்கடன்."

"படிச்சவ வந்துட்டா லா, சாமிக்கே ரூல்ஸ் போடுறா," என்றார் அத்தை.

"சண்ட போடாதீங்க, காலைல பாத்துக்கலாம்," என்றார் அப்பா.

காலையில் விரல் வைத்தேன். ஒன்றுமில்லை. காதை வைத்தேன், சத்தமும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். அத்தை அலறினார். கயிறு போனபிறகும் கை மரக்கட்டை போல்தான் இருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நாளைக்குத்தான டயாலிசிஸ், அப்ப சொன்னா போதும்லா," என்றார் அத்தை. அம்மாவோ குளித்து, விளக்கேற்றி, வெட்டிய காப்புக்கு மன்னிப்புக் கேட்டு முடிக்காமல் கிளம்ப மாட்டேன் என்றார். பக்கத்து வீட்டு அண்ணனின் கெரேத்தா கீழே கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தது. நான் வாசலில் செருப்போடு நின்றேன். ஆயர் ஈத்தாம் சந்தை நெரிசலைத் தாண்டுவதற்குள் பாதிக் காலை போய்விட்டது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். ரத்தம் உறைந்துவிட்டது. கயிற்றின் அழுத்தம் போதாதென்று, விரதத்தால் பிரஷரும் இறங்கியிருந்தது. அன்றே அறுவை செய்து உறைந்ததை எடுத்தும் ரத்தம் ஓடவில்லை. கழுத்தில் தற்காலிகக் குழாய் வைத்தார்கள். வலது கையில் புதிய ஃபிஸ்டுலா போட்டு, அது ஊசி குத்தும் அளவுக்குத் தேறும் வரை அந்தக் குழாய்தான்.

எல்லாவற்றையும் தமிழில் அம்மாவுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு கழுத்துக் கட்டைத் தடவியபடி அத்தையைப் பார்த்து, "அப்ப இனிமே எடது கை சும்மாதான இருக்கும். அடுத்த வருஷம் தாராளமா காப்பு கட்டலாம்," என்றார்.

அத்தை தலையாட்டினார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.