சாய்ந்த தலைக்கு இருபத்தெட்டு நாள்

மாத்தளை டவுனில் வீட்டிலிருந்தே துணி தைத்துக்கொடுக்கும் நூருன்னிஸாவுக்கு அன்று காலை ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வளர்க்கும் முயல் மிட்டு, தலையை இடது பக்கம் கவிழ்த்து, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல் நின்றது. ஓரடி வைத்ததும் உருண்டது. கண்மணிகள் தாமாகவே இங்குமங்கும் ஆடின.

பிள்ளைகளுக்குக் காதுவலி வந்தால் செய்வதையே செய்தாள். வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஆறவைத்து இரண்டு சொட்டு விட்டாள்.

கணவர் நளீம் எட்டிப் பார்த்தார். "அது தானா மவுத்தாப் போனா ஹறாம், திங்கேலாது. இப்பவே அறுத்துட்டா கறிக்காவது ஆகும்."

"வாய மூடுங்க. அதுக்குக் கேட்டுரும்."

மிருக வைத்தியர் ரஜனி காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து நிமிர்ந்தார். "எண்ணெய் விட்டீங்களா? செவிப்பறையே தெரியலையே. அது கிழிஞ்சிருந்தா எண்ணெய் உள்ளுக்குப் போயிருக்கும்."

நூருன்னிஸாவின் முகம் கறுத்தது.

"நடுக்காதுல சீழ் பிடிச்சு உள்காது வரைக்கும் போயிருக்கலாம். இல்லாட்டி மூளையத் தாக்குற ஒட்டுண்ணி. ரெண்டும் தலையச் சாய்க்கும். தெரியிற வரைக்கும் ரெண்டுக்கும் மருந்து தாறேன். சீழ்னா ஆறு கிழமைகூட ஆகலாம். ஒட்டுண்ணினா இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடக்கூடாது. ஊட்டி விடுங்க, சாப்பிடாம இருந்தா அதுதான் முதல்ல கொல்லும்."

வீட்டில் துவாய்களைச் சுருட்டி அணைகட்டி, நடுவில் முயலைப் படுக்கவைத்தாள். அரைத்த கீரையை ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டினாள். சிலநேரம் தரையில் படுத்து, தானும் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். சுவர் மெல்லப் படுத்துக்கொள்ளும். ஜன்னலில் மலை பக்கவாட்டில் ஒழுகும். இந்த உலகத்தில்தான் மிட்டு நாள் முழுக்க இருக்கிறதா?

ஐந்தாம் நாள் எண்ணெய் வழிந்து காது தெளிந்தது. செவிப்பறை சுத்தம், எக்ஸ்ரேயில் காதெலும்பிலும் ஒன்றும் இல்லை.

"நூறு வீதம் சொல்லேலாது. ஆனா ஒட்டுண்ணின்னுதான் நினைக்கிறேன்," என்றார் ரஜனி. காது மருந்தை நிறுத்தினார். ஒட்டுண்ணிக்கான வெள்ளை மருந்து தொடர்ந்தது.

எட்டாம் நாளும் தலை கவிழ்ந்தே இருந்தது. நளீம் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். "ஒரு கிழமை பார்த்தாச்சு."

"அறுங்க. எட்டு நாள் மருந்து ஏறின இறைச்சி. யாரு திங்கப்போற? நீங்களா?"

நளீம் முயலைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் சும்மாவா தீட்டினேன்?" என்று சொல்லிவிட்டு, பலாக்காய் வெட்டப் போனார்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி மருந்தையும் விழுங்கிவிட்டு, மிட்டு எழுந்து நடந்து வந்து கங்குன் கீரை இலையைத் தானே கடித்தது. தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது அப்படியே நின்றுவிடலாம் என்று ரஜனி சொல்லியிருந்தார்.

"நேராகலியே," என்றார் நளீம்.

"தின்னுது, நடக்குது," என்று அடுத்த இலையை நீட்டினாள் நூருன்னிஸா. "வேறென்ன வேணும்?"