வராத காமாலையும் தவறிய மேல்முறையீடும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சத்தியப் பிரமாணம் வேண்டாம். நான் சொல்வதை இறுதிவரை கேட்டால் போதும். கல்லூரி மேடைகளில் 'நடுவர் அவர்களே' என்று தொடங்கிக் கைதட்டலில் முடித்துப் பழகியவன் நான். கோவை நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடையில் நிற்கும் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தால் எனக்கு வரும் இளக்காரத்தை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. எந்தக் கட்சிக்காரர் எந்தத் தோல்வியோடு வந்தாலும் அவர்களிடம் ஒரே மருந்துதான் இருந்தது. "அப்பீல் போட்டுரலாம், உடுங்க." எதை எதிர்த்து, எந்த நீதிமன்றத்தில், எந்தக் காரணத்தால் என்று ஒருவரும் நின்று யோசித்ததில்லை.

என் பெயரில் நான் நடத்திய முதல் வழக்கு, காரமடைப் பக்கத்து அம்மா ஒருவருடையது. ஒன்றரை ஏக்கரில் கறிவேப்பிலை. தோட்டத்துக்கு வண்டி போகும் ஒரே தடம் பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பை ஒட்டி ஓடியது. அவர் ஒரு நாள் கம்பிவேலி கட்டிப் பூட்டிவிட்டார். அன்று முதல் அந்த அம்மா, அறுத்த கட்டுகளைத் தலையில் சுமந்து வாய்க்கால் கரை வழியே தார்ச்சாலைவரை நடந்தார். டெம்போக்காரர் காத்திருந்து அலுத்துப்போய்ப் பாதி நாள் வரவில்லை. பறித்த கறிவேப்பிலை வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியதாக மூன்று சாட்சிகள் சொன்னார்கள். நீதிபதி நம்பவில்லை. இருவர் உறவினர் என்றும், மூன்றாமவர் தடுமாறினார் என்றும் எழுதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நான் கொதித்தேன். மேடையில் என்னைத் தவறாக மதிப்பிட்ட நடுவரிடமே போய், அவர் வாயாலேயே தவற்றை ஒப்புக்கொள்ள வைத்த பழக்கம் எனக்கு உண்டு. அதே உத்தியை இங்கும் எடுத்தேன். அதே நீதிபதி முன் மறுஆய்வு மனு.

எங்கள் அறையில் எனக்கு எதிர் மேசையில் ஒரு பெண் வழக்கறிஞர். கல்லூரிப் பட்டிமன்றங்களில் என்னிடம் இரண்டு முறை தோற்றவர். என் மனுவைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க பேச்சாளரே, அவுங்க சாட்சியை நம்புனது தப்பு, நம்ம சாட்சியை நம்பாதது தப்புன்னு ரிவ்யூவுல எழுதிருக்கீங்க. அதெல்லாம் அப்பீலுக்குண்டான சரக்குங்களே?"

"தப்பு செஞ்சவரே திருத்தட்டும். மேல போய் எதுக்கு அழணும்?"

"சரிங்க. அப்ப ரிவ்யூவைத் தாக்கல் பண்ணிட்டு, கையோட அப்பீலையும் போட்டு வெச்சுருங்க. நகலுக்கு ஆன நாளைக் கழிச்சா முப்பதே நாளுதானுங்க டைமு."

நான் சிரித்தேன். தோற்றவரின் அறிவுரை எனக்கு எதற்கு?

மறுஆய்வு விசாரணைக்கு வர இரண்டு மாதம் ஆனது. அன்று நான் பேசியதைக் கேட்க வேறு வழக்குக்கு வந்தவர்கள்கூட வாசலில் நின்றார்கள். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் அமைதியாகச் சொன்னார்: "வக்கீல் சார், பார்க்க வேண்டிய ஆவணத்தை நான் பார்க்காமல் விட்டிருந்தால் காட்டுங்கள். எவ்வளவு முயன்றும் அப்போது உங்களுக்குக் கிடைக்காத புதிய சாட்சியம் இருந்தால் கொடுங்கள். தீர்ப்பைப் படித்தவுடனே கண்ணில் குத்தும் பிழை இருந்தால் சொல்லுங்கள். சாட்சிகளை நான் நம்பியிருக்க வேண்டும் என்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டிய இடம் மேல்முறையீடு. என் தீர்ப்புக்கு நானே மேல்நீதிமன்றமாக உட்கார முடியாது." மனு தள்ளுபடி.

மேல்முறையீட்டுக்கான முப்பது நாள் எப்போதோ போயிருந்தது.

அறைக்குத் திரும்பியதும் அடுத்த வாளை உருவினேன். "உயர் நீதிமன்றத்துக்கே போறேன். சீராய்வு."

எதிர் மேசையில் பேனாவை மூடி வைக்கும் சத்தம். "எதை எதிர்த்துங்க? தீர்ப்புக்கு எதிராவா? அப்பீல் இருக்கற எடத்துல ரிவிஷன் வராதுங்க. ரிவ்யூவைத் தள்ளுனதுக்கு எதிராவா? அதுக்கு அப்பீல் இல்ல, ரிவிஷன் வேணா கேட்டுப் பார்க்கலாமுங்க. ஆனா அங்க என்ன பார்ப்பாங்க? அந்தக் கோர்ட்டு தன்னோட அதிகாரத்துக்குள்ள நின்னுதா, எல்லை தாண்டுச்சா, செய்ய வேண்டியதைச் செய்யாம உட்டுச்சா, முறை தவறி நடந்துச்சா, அவ்வளவுதான். உங்க சாட்சி நெசஞ் சொன்னாரா பொய் சொன்னாரான்னு அங்க ஆரும் கேக்க மாட்டாங்க."

சாட்சியத்தை முதலிலிருந்து மறுபடி எடைபோடும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். தேநீர்க் கடைக் கோட்டுகள் யோசிக்காமல் சொன்ன அந்த ஒற்றை மருந்துதான் இந்த அம்மாவுக்கு உரிய மருந்து. அவர்கள்மேல் வைத்திருந்த இளக்காரம் அப்போதும் குறையவில்லை. அந்த வரிசையில் எல்லோருக்கும் கீழே என்னையும் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அந்த நீதிபதிக்கு மேலுள்ள சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு, அதோடு காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. தட்டச்சர் கேட்காமலேயே அடிக்கத் தொடங்கினார். 'மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு வைத்தியம் பார்த்து, படுத்த படுக்கையாக...'

இந்த வளாகத்தில் தாமதம் என்றாலே காமாலைதான். இத்தனை மனுக்களையும் நம்பினால் இந்த மாவட்டத்தில் கண் மஞ்சளாகாதவர் ஒருவரும் இருக்க முடியாது. இந்தச் சோம்பேறிப் பொய்யை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்! இருந்தும் அன்று தட்டச்சரின் கையை நான் தடுக்கவில்லை. அந்தக் காமாலை என் மானத்தைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கையெழுத்துப் போட வந்த அம்மா, தாளை நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏனுங் தம்பி, ஆருக்குக் காமாலை?"

"அது வழக்கமா எழுதறதுங்கம்மா."

"எனக்குக் காமாலை வந்ததேயில்லீங்க. நாந்தான் நித்தம் கட்டுச் செமந்துட்டு ரோட்டுக்குப் போறேனே, ஊரே பார்க்குதே? வந்ததெல்லாம் உங்க பேச்சுதானுங்க கண்ணு. அதை எழுதுங்க."

எதிர் மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தத் தாளைக் கிழித்தேன். தவறான மனுவைத் தேர்ந்தவன் நான், கட்சிக்காரர் என் சொல்லை நம்பியே காத்திருந்தார் என்று என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் எழுதினேன். சாட்சியாகிவிட்டவன் அந்த மனுவில் வாதாடுவது அழகல்ல. எனவே எதிர் மேசைக்காரர் எழுந்து பேசினார். நான் பின் இருக்கையில் வாயை மூடி உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் பத்திரத்தை உரக்கப் படித்துவிட்டு, "சட்டம் தெரியாத வழக்கறிஞரைப் பிடித்தது யாருடைய குற்றம்?" என்று கேட்டார். நான் எழுதக்கூடிய வரி அது. அரங்கில் நானும் அப்படித்தான் கைதட்டல் வாங்கியிருப்பேன்.

எதிர் மேசைக்காரரின் பேச்சோ நான்கு நிமிடம்கூட இல்லை. தேதிகளைச் சொன்னார். நல்லெண்ணத்தோடு தவறான வழியில் கழிந்த நாள்கள் என்றார். உட்கார்ந்துவிட்டார். தாமதம் மன்னிக்கப்பட்டது. மேல்முறையீடு எண் பெற்று விசாரணைக்கு ஏற்கப்பட்டது.

தாழ்வாரத்தில் அந்த அம்மா கேட்டார்: "இனித் தடம் கெடைக்குமுங்களா?"

"தெரியாதுங்கம்மா. கேக்கறதுக்கு இன்னொரு கோர்ட்டு கெடைச்சிருக்கு. வேலி இன்னும் அப்படியேதான் இருக்கும்."

"சரி, அங்க போயி என்னன்னு பேசுவீங்க?"

அந்த நீதிபதியைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் பையில் இருந்தன. எல்லாம் நல்ல வாக்கியங்கள். சுற்றி நின்ற கறுப்புக் கோட்டுகள் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னேன்:

"உங்க மூணு சாட்சியும் சொன்னதை மட்டும் பேசறேனுங்கம்மா. தீர்ப்பு எழுதுன மனுசனைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."