வெளிறாத ஆரஞ்சு நூல்

ஹெப்பகோடி பக்கம் ஒரு ஏற்றுமதி ஜீன்ஸ் கம்பெனி. நான் அங்கே படங்களைத் திருத்துகிறவள், என் வீட்டுக்காரர் அதே வளாகத்தில் சலவைப் பிரிவு சூப்பர்வைசர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. வெளிநாட்டு வாங்குபவருக்கு வெளிர்நீலத்தில் மாதிரி வேண்டும், அதுவும் உடனே. கையில் இருந்ததோ கருநீல ஜீன்ஸ் ஒன்றுதான்.

"போட்டோலயே வெளுத்துக் குடும்மா," என்றார் மேனேஜர்.

கம்ப்யூட்டரில் தையல் ஒவ்வொன்றும் நிறம் மாறாதபடி தனியே பிரித்து வைத்துக்கொண்டு நீலத்தை மட்டும் வெளிறச் செய்தேன். முட்டித் தேய்வு, ஓர மடிப்பின் நிழல், நெசவின் சாய்கோடு எல்லாம் அப்படியே நின்றன. ஆரஞ்சு நூல் பளிச்சென்று இருந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. வாங்குபவர் படத்தைப் பார்த்தார், இதே மாதிரி வேண்டும் என்று ஆர்டர் போட்டுவிட்டார்.

அந்த ஆர்டருக்காக ஆரஞ்சுப் பருத்தி நூலில் தைத்து முடித்த ஜீன்ஸ் அத்தனையும் சலவைக்கு வந்து குவிந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து ப்ளீச்சில் போட்டுப் பார்த்தார். துணி வெளுத்தது, கூடவே நூலும் வெளுத்தது. ப்ளீச்சைக் குறைத்து, துணியோடு உருட்டித் தேய்க்கும் கல்லை அதிகம் போட்டால், மேடாக இருக்கும் தையல் ஓரங்கள்தான் முதலில் பிய்ந்தன.

"நீ மவுஸால செஞ்சத நான் தண்ணியில செய்யணுமாம்," என்றார் வீட்டில். கேலிதான், ஆனால் சிரிக்கவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. ஆர்டர் தவறினால் இவர் தலைதான் உருளும் என்று இருவருக்கும் தெரியும்.

இருப்பதில் நல்லதாக வந்ததைப் படமெடுத்து, வாங்குபவருக்கு அனுப்ப என்னிடம் கொடுத்தார்கள். நூலுக்கு ஆரஞ்சு ஏற்றச் சொன்னார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெட்டியப் பிரிச்சுப் பாக்கும்போது அங்க யாரு சார் கலர் அடிப்பா?"

மேனேஜர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் வந்து திரையைப் பார்த்தார். "உள்ளத உள்ளபடி அனுப்பும்மா. நான் பாத்துக்கறேன்." அனுப்பினேன். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. சலவை சரியில்லை என்று இவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் திருத்த வேறு ஆள் இல்லை. அந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த மாதமே, படத்தில் வெளுக்கச் சொல்லி இன்னொரு கருநீல ஜீன்ஸ் என் மேஜைக்கு வந்தது. முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. வீட்டில் ஒரு சம்பளம்தான். செய்யப்போகிறேன் என்று இவரிடம் போனில் சொன்னேன்.

"படத்துக்குக் கீழ, பாலியஸ்டர் நூல்லதான் தைக்கணும்னு எழுதிடு. அது ப்ளீச்சுக்குத் தாங்கும். இப்ப அங்க வெளுக்கறவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்ல," என்றார்.