பதினான்கை அழித்த காலை

வடசேரியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஏழெட்டுப் பேர். அங்கே நான் சேர்ந்தபோது என் மூத்தவள் ஆறாம் வகுப்பிலும் இளையவன் மூன்றிலும் படித்தார்கள். கணவர் மஸ்கட்டில் இருந்தார். கல்யாணத்துக்கு முன் சென்னையில் பார்த்த வேலையை விட்டபிறகு, கணினியில் நான் செய்ததெல்லாம் பிள்ளைகளின் புராஜெக்ட் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்ததுதான்.

என்னை வேலைக்கு எடுத்தவள் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். அப்போது ஒரே பஸ்ஸில் போவோம். இப்போது அவள் குழுவின் தலைவி; நான் பயிற்சியில் இருப்பவள். எல்லார் முன்னாலும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், அக்கா என்கிற சொல்லுக்கு ஈடாக எதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

எனக்குத் தர வேண்டிய மடிக்கணினி இன்னும் வந்திருக்கவில்லை. அதுவரை கூட்ட அறையில் பெரிய டிவியோடு இணைத்த கணினியில் உட்காரச் சொன்னார்கள். வாடிக்கையாளர்களுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்றால் அதில்தான் ஓட்டுவார்கள். மற்ற நேரம் அது சும்மா கிடக்கும்.

ஒரு புதன்கிழமை அவள் ஒரு புராஜெக்டின் இணைப்பை அனுப்பி, "அக்கா, இதைக் கீழ இறக்கி ஓட்டிப் பாருங்க. படிச்சுப் பாத்தா போதும், அவசரமில்ல" என்றாள். இறக்கினேன். கோப்புகளைத் திறந்து நிறுவும் கட்டளையைக் கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் வரிகள் ஓடி நின்றன. அந்தப் புராஜெக்டுக்கு நோட் பதினெட்டோ அதற்கு மேலோ வேண்டுமாம். இந்தக் கணினியில் இருப்பது 14.17.0. பதிப்பு பொருந்தாவிட்டால் நிறுவவே கூடாது என்று எழுதியவர்கள் கண்டிப்பாக அமைத்திருந்தார்கள். சாதாரணமாக ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும்; இது மறுத்துவிட்டது.

நோட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைக் கணினியில் ஓட்டித் தரும் மென்பொருள். அது எனக்குத் தெரியும். பழையதாகிவிட்டது, புதிதாக்கினால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். கைபேசியில் செயலிகளைப் புதுப்பிப்பதில்லையா, அதுபோல.

எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் காதில் ஹெட்போனோடு தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முதல் படியைக்கூட அக்கா கேட்டுத்தான் செய்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. இணையத்திலிருந்து நோட் இருபதை இறக்கி நிறுவினேன். அது பதினான்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது. மறுபடி கட்டளை கொடுத்தேன். இந்த முறை ஒன்றும் மறுக்காமல் நிறுவியது. புராஜெக்ட் ஓடியது.

தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஓடிட்டு" என்றேன்.

"அதுக்குள்ளயா? சூப்பர் அக்கா" என்றாள்.

மத்தியானச் சோற்றை அன்று நான் ருசித்துச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டாற்றில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் வந்தார். அவர் கடைக்குச் சரக்கு இருப்புக் கணக்குப் பார்க்கும் மென்பொருளைத் தலைவிதான் தொடக்கத்திலிருந்து எழுதியிருந்தாள். அதில் புதிதாகச் சேர்த்த சில பகுதிகளை அவருக்குக் காட்ட வேண்டும். நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓரமாக நின்றேன். அவர் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மக்களே, நீ நம்ம சபையில பழைய செக்ரட்டரி வீட்டு மருமவள்லா?"

ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்காருபவர் என்று எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது.

"ஒன் மாமியார் சொன்னா, மருமவ கம்ப்யூட்டர் கம்பெனியில மேனேஜரா சேந்திருக்கான்னு. இங்கதானா?"

தலைவி திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, இல்லை எனக்காகப் பேசாமல் இருக்கிறாளா என்று தெரியவில்லை. "வேலைக்குச் சேந்திருக்கேன் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் தன் பழைய புராஜெக்டைத் திறந்து ஓட்டினாள். டிவித் திரை முழுவதும் சிவப்பு. இந்தச் சூழலை ஆதரிக்கவில்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே எண்கள். மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே சிவப்பு.

"நேத்து ஓடிச்சே" என்றாள் தனக்குள்ளே. பிறகு அவரிடம், "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்றாள். அவள் கழுத்தில் வியர்வை பூத்ததைப் பின்னால் நின்று பார்த்தேன்.

அந்த வரியில் நோட் என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பழைய புராஜெக்ட் வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்ட உறுப்பு நிரல்களில் ஒன்று பதினான்குக்கென்று நிறுவப்பட்டது. இருபதில் அது ஓடாது. சொல்லாமல் இருந்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதுவரை நான் சுவரோரம் நிற்கலாம். அப்படியொரு எண்ணம் வந்தது உண்மை. ஆனால் அவள் அதே கட்டளையை மூன்றாம் முறையும் கொடுத்ததைப் பார்த்தபின் நிற்க முடியவில்லை.

"நான்தான் மாத்தினேன்" என்றேன். "காலையில நோட்டைப் புதுசாக்கினேன்."

"எதுல?"

"இதுலதான்."

"பழசைக் கழட்டிட்டா?"

தலையாட்டினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஹெட்போனைக் கழற்றும் சத்தம் கேட்டது. பெரியவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நோட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் யார் தவறு செய்தது, யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது. மேனேஜர் யார் என்பதும் புரிந்திருக்கும்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்தி, "ஒண்ணை அழிச்சிட்டு ஒண்ணைப் போட வேண்டாம்லா அக்கா. வெர்ஷன் மேனேஜர் போட்டா ரெண்டையும் வச்சு மாத்தி மாத்தி ஓட்டலாம். இந்த மெஷின்ல நான் போடாம விட்டது என் தப்புதான்" என்றாள். பிறகு, "நீங்களே போடுங்க. நான் அண்ணாச்சிக்குச் சாயா சொல்லிட்டு வாறேன்" என்று எழுந்தாள்.

நான் உட்கார்ந்தேன். பின்னால் பெரியவர் இருந்தார். என்ன செய்தாலும் டிவியில் ஆளுயரத்துக்குத் தெரிந்தது.

வெர்ஷன் மேனேஜரை இறக்கி நிறுவினேன். இருபதாம் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதையும் என் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது. ஆம் என்றேன். அடுத்து எந்தப் பதினான்கு என்ற குழப்பம் வந்தது. பதினான்கிலேயே பல இருக்கின்றன. காலையில் கட்டளை கொடுத்துத் திட்டு வாங்கிய, திரையின் கறுப்புச் சன்னலை நான் மூடியிருக்கவில்லை. மேலே தள்ளிப் பார்த்தால் அந்தச் சிவப்பு வரிகள் அப்படியே இருந்தன. இப்போது இருப்பது 14.17.0 என்று அது சொன்னதைத்தான் காலையில் குறையாகப் படித்திருந்தேன். எண்ணைப் பார்த்துக்கொண்டு சன்னலை மூடி, புதிதாக ஒன்றைத் திறந்தேன். பழைய சன்னலுக்கு வெர்ஷன் மேனேஜர் வந்தது தெரியாது.

பதினான்கை நிறுவச் சொன்னேன். சதவீதம் மெல்ல ஏறியது.

"இதுதான் வேலையா மக்களே?" என்று கேட்டார் பெரியவர்.

"இது நான் கெடுத்ததைச் சரியாக்குறது மாமா."

"ஓ" என்றார். சன்னல் வழியாக வடசேரிப் பஸ்களைப் பார்க்கத் தொடங்கினார். என்னைப் பார்க்காமலிருக்கவே அப்படிச் செய்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் கருணையைத் தாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

நிறுவி முடிந்தது. பதினான்குக்கு மாறச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அதற்குக் கணினி, நிர்வாகியின் அனுமதியைக் கேட்டது. கடவுச்சொல் எனக்குத் தெரியாது. சாயாவோடு வந்தவள் டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து, என் தோளுக்கு மேலாகக் கடவுச்சொல்லைத் தட்டினாள். பதிப்பைக் கேட்டேன். 14.17.0 என்றது. அவள் புராஜெக்டை ஓட்டினேன். உறுப்புகளை அழிக்கவோ மறுபடி நிறுவவோ தேவைப்படவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. பொருந்தாத நோட்தான் நடுவில் வந்துவிட்டிருந்தது. திரையில் கோட்டாற்றுக் கடையின் அரிசி, பருப்பு, வத்தல் இருப்புகள் வரிசையாக வந்தன.

எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தேன். அவள் பேசிக் காட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் கதவருகே நின்றேன். வெளியே போனால் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க வேண்டும். உள்ளே நின்றால் இவர் முகம். பெரியவர் கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழமை பாப்போம் மக்களே" என்றார்.

வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் கேட்டேன்.

"அத்தே, நான் மேனேஜர்னு எல்லாருட்டயும் சொன்னியளா?"

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இல்லியா பின்ன? இத்தன வருஷம் படிச்சிட்டு வீட்டுல இருந்த புள்ள, கூலிக்குப் போறான்னா சொல்லணும்?"

"நான் இப்பதான் படிக்கேன். என்னவிடச் சின்னப் பிள்ளையளுக்கெல்லாம் அங்க என்னவிடக் கூடத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது பொய் என்பதற்காக இல்லை. அந்தப் பொய்யை நானும் என்னையறியாமல் சுமந்துகொண்டு மாடி ஏறியிருக்கிறேன். அதனால்தான் காலையில் எழுந்து போய்க் கேட்க முடியவில்லை. இது அவர் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அவர் முறத்திலிருந்த கீரையைப் பாதியாகப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். இருபதுக்கு மாறி, என் புராஜெக்டை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. அந்தக் கணினியில் ஒரு பதிப்புக்கு மாறினால் எல்லாச் சன்னலிலும் அதுதான் என்று அதற்குள் படித்திருந்தேன். தலைவி பையை வைப்பதற்குள் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தமாகச் சொன்னேன்:

"இப்போ இருபதுல இருக்கு. ஒனக்கு வேணும்னா சொல்லு, பதினாலுக்கு மாத்தித் தாறேன்."

ஹெட்போன் போட்டிருந்த ஒரு பையன் திரும்பிச் சிரித்தான். முகம் சூடானது. ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.