எல்லாமே ஸ்ட்ராங் இல்லை

எங்கள் அச்சகத்தில் கற்பகம் எழுதிய தமிழை யாராவது மாற்றச் சொன்னால் அவளைவிட எனக்குத்தான் முதலில் கோபம் வரும். நான் இசைவாணி, டிசைனர். அவளுக்குப் பக்கத்து நாற்காலி. பட்டாசுப் பெட்டிகளில் ‘பற்றவைத்ததும் விலகி நில்லுங்கள்’ என்று எழுதிப் பழகிய கை அது. ஒரு சொல்லைக்கூடச் சும்மா வைக்கமாட்டாள்.

விருதுநகர் பைபாஸில் காபிக் கடை போட்ட புகழேந்தி அண்ணாச்சி தன் ஆங்கில மெனுவைத் தமிழில் கேட்டார். கற்பகம் தனியாகப் பொறுப்பேற்ற முதல் மெனு. கடைக்கே போய் ஒவ்வொன்றையும் போடச் சொல்லிக் குடித்துப் பார்த்துத்தான் எழுதினாள். கோல்டு ப்ரூவுக்கு ‘ஐஸ் காபி’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மகராசி, ‘காபித்தூளைக் குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடித்தது’ என்று எழுதினாள். ஐஸ் காபி, ‘சூடான டிகாஷனை ஐஸ் மேல் ஊற்றியது’ என்று தனியாக நின்றது.

புரூஃப் பார்த்த அண்ணாச்சி டார்ஜிலிங் டீயில் முகத்தைச் சுளித்தார். ‘வசந்தத்தில் பறித்த முதல் கொழுந்து. வெளிர் பொன்னிறம், மெல்லிய சுவை. பால் சேராது.’

“மெல்லிய சுவையா? நம்ம ஊர்க்காரன் ஸ்ட்ராங்னாத்தானம்மா குடிப்பான்? எல்லாத்துக்கும் ஸ்ட்ராங்னு போடு. இல்லாட்டி வேற பிரஸ்ஸுல பாத்துக்கிடுதேன்.”

முதலாளி கற்பகத்தைப் பார்த்தார். ஆர்டர் போனால் மெனு வேலை இனி அவள் கைக்கு வராது. அவளா அசருவாள்?

“ரெண்டு மாதிரியும் அடிச்சுக் கொண்டாரேன் அண்ணாச்சி. குடிக்கிறவுக சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா வெள்ளைத்தாயையும், அம்மாவோடு தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் முத்துமாரியம்மாளையும் கடைக்கு அழைத்து வந்தாள்; நானும் கூட இருந்தேன். முதலில் அண்ணாச்சி சொன்னபடி அடித்த மெனு அட்டை. ‘ஸ்ட்ராங் டார்ஜிலிங்’ என்பதைப் படித்து முத்துமாரியம்மாள் ஆசையாகக் கேட்டாள். கடைப் பையன் கொண்டுவந்த கப்பை எட்டிப் பார்த்தாள்.

“ஏந்தம்பி, கிளாஸ் கழுவுன தண்ணியவா குடுக்கீக?”

பால் கேட்டு வாங்கி ஊற்றினாள். இருந்த வாசமும் போயிற்று. தள்ளி வைத்துவிட்டாள்.

அடுத்து கற்பகத்தின் அட்டை. இப்போது முத்துமாரியம்மாள் விரலை வைத்துத் தேடி, ‘அசாம் டீ. அடர்ந்த நிறம், நல்ல ஸ்ட்ராங். பால் ஊற்றினாலும் சுவை நிற்கும்’ என்ற வரியில் நிறுத்தினாள். “இதத்தானய்யா அப்பவே கேட்டேன்!” என்று குடித்து முடித்தாள்.

வெள்ளைத்தாய் கேட்டதோ அதே டார்ஜிலிங். நிதானமாகக் குடித்தாள்.

“அது மெல்லிசா இருக்கேத்தா?” என்றார் அண்ணாச்சி.

“மெல்லிசுன்னு தெரிஞ்சுதான கேட்டேன். என்னா வாசம்!”

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். “கற்பகம் எழுதுனதையே அடிங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசையில் ஒருவர் கற்பகத்தின் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய் அவரிடம் சாய்ந்து சொன்னாள்:

“தைரியமா கேளுங்க. அதுல என்ன போட்டிருக்கோ அதுதான் வரும். எம்மக எழுதுனது.”