தீனி நேரத்தில் ஒரு டெமோ

கண்காட்சிக்கு ஸ்டால் எடுத்தவர்கள் எல்லோரும் பேனருக்கும் விளக்குக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, நான் ஆறு வரிக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே போடவேண்டிய வரிகள் அவை. எங்கே வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவனிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி என்பது இரண்டு பேர். நானும் என் கல்லூரித் தோழனும். அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. அவன் பரங்கிப்பேட்டைக்காரன், வீட்டில் பாதிப் பேர் வளைகுடாவில். சாலிடரிங், சர்க்யூட் எல்லாம் அவன் கை. ஃபோனுக்குள் ஓடும் ஆப்பும், வாயால் செய்யும் வேலையும் என்னுடையது. நாங்கள் செய்திருந்தது இறால் குட்டையில் போடும் ஒரு கருவி. தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் குட்டை முதலாளியின் ஃபோன் அடிக்கும். தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றுபோனது தெரியாமல் தூங்கி, விடிந்ததும் கரை ஓரமெல்லாம் செத்த இறாலைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

ஆனால் ஒரு குட்டைக்காரர்கூட அதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. என் தோழனுக்கு அவன் மனைவியின் அண்ணன் ஷார்ஜாவில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். ஒரு நாள் பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இந்த எக்ஸிபிஷன்ல ஒருத்தராவது குட்டையில போடுறேன்னு சொல்லணும்டா மாப்ள. இல்லன்னா திங்கக்கெழம மச்சானுக்குச் சரின்னு சொல்லிடப் போறேன். வூட்ல எத்தினி நாளு பேச்சு வாங்குறது."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. அவன் சொன்னது எனக்கே சரியென்று பட்டதன் மேல்.

கண்காட்சி கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில், வெள்ளி, சனி, ஞாயிறு. வருகிறவர்களுக்கெல்லாம் உடனே காட்டிவிட முடியாத டெமோ எங்களுடையது. வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து அரை மணி நேரம் வைக்கவேண்டும். அது பொங்கி வந்ததும் தொட்டித் தண்ணீரில் ஊற்றி, காற்று பம்பை நிறுத்தினால், ஈஸ்ட் ஆக்சிஜனைக் குடிக்க ஆரம்பிக்கும். திரையில் எண் ஆறிலிருந்து மெல்ல இறங்கி, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நாலைத் தாண்டும்; ஃபோன் அடிக்கும். பிறகு தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றவேண்டும். அதனால்தான் நேரம் குறித்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

நேரத்தை நான்தான் குறித்தேன். திறந்த சூட்டோடு பத்து மணிக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை ஒரு மணி வாக்கில் வைக்காதே, ஜும்மா தொழுகைக்குப் போகவேண்டும் என்று அவன் சொன்னதால் இரண்டு மணிக்கு ஒன்று. மாலைக் கூட்டத்துக்கு ஆறு மணிக்கு ஒன்று. பிறகு எழுதினேன்:

"நீரின் மூச்சை நீங்கள் கேட்டதுண்டா? அலைகளின் மண்ணிலிருந்து ஓர் அறிவின் அலை! நேரில் காண வாருங்கள். டெமோ: 10, 2, 6 மணி. மஞ்சக்குப்பம் மைதானம், அரங்கு பி, ஸ்டால் 38."

"நீரின் மூச்சு நல்லாருக்குடா" என்றான். அவன் எதையும் நல்லாயில்லை என்று சொல்லமாட்டான். தீவனக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, குட்டைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போடவைத்தோம்.

முப்பத்தெட்டு என்பது அரங்கு பி-யின் கடைசி மூலை. துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் மைதானத்துக்கே மின்சாரம் கொடுக்கும் பெரிய ஜெனரேட்டர். அந்த அவமானத்தை மறைக்கத்தான் ஸ்டால் எண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று டெமோவுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். தொட்டி முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "அண்ணா, இதுல மீன் இல்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள். குட்டைக்காரர் ஒருவரும் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் ஃபோன் அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கும் அதே கதை. பதிவுக்கு இருநூறு லைக் விழுந்திருந்தது. அதை அவனிடம் காட்டினேன். "லைக்கக் குட்டையில போட முடியாதே" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

மதியம் பக்கத்து ஸ்டாலில் ஒரு ஸ்பீக்கர் இரவல் வாங்கி, டெமோ ஃபோனை அதில் இணைத்தேன். அடித்தால் மைதானத்துக்கே கேட்கட்டும் என்று வீம்பு. இரண்டு மணி. ஈஸ்ட் பொங்கி நின்றது. எதிரே நான்கு நாற்காலி, நான்கும் காலி. சரி, பழக்கத்துக்காவது செய்வோம் என்று பம்பை நிறுத்தக் கை வைத்தேன்.

ஸ்பீக்கர் அலறியது.

"அண்ணே! அக்கா! தீனி போடுற நேரம்! ரெண்டு மணித் தீனி!"

அது அவன் குரல். எங்கள் ஆப்பில் இருக்கும் தீனி நினைவூட்டல். இறாலுக்கு ஒரு நாளைக்கு நாலு முறை தீனி. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. குட்டைக்காரர்கள் எங்களிடம் சொன்ன நேரம்தான். மணியடிப்பதைவிட மனிதக் குரல் நன்றாக இருக்கும் என்று போன வருஷம் அந்த மாடி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டே பதிவு செய்தோம். அந்த நேரங்களை ஆப்பில் எழுதிய கை இதே கைதான். அதே கையால்தான் பத்து, இரண்டு, ஆறு என்று டெமோவுக்கும் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் கூப்பிட்ட ஒவ்வொருவரும், நாங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு நேரத்திலும், தீனி வாளியோடு குட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நீரின் மூச்சைக் கேட்கப் போனவனுக்கு, தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதனின் கடிகாரம் ஞாபகம் வரவில்லை.

"இன்னாடா, நம்ம ஆளுங்களயே நமக்குத் தெரியாத மாதிரி நடந்துக்கிட்டோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன்ன மட்டும் சொல்லல. நானும்தான பாத்தேன்."

அந்த இடத்திலேயே, நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் புதிதாக எழுதினேன். பழைய பதிவைத் திருத்தினாலும், குழுக்களில் அது ஏற்கனவே கைமாறிப் போயிருக்கும்; அதனால் இதைத் தனியாகவே போட்டேன்:

"பத்து மணித் தீனி போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பன்னிரண்டு மணிக்கு டெமோ. ரெண்டு மணித் தீனிக்குள் குட்டைக்குத் திரும்பிவிடலாம். அதை விட்டால், ரெண்டு மணித் தீனிக்குப் பிறகு வாருங்கள். நாலு மணிக்கு டெமோ. ஆறு மணித் தீனிக்குக் குட்டையில் இருப்பீர்கள். ஏரேட்டர் நின்றால் ஃபோன் அடிக்கும் கருவி. இடம்: மஞ்சக்குப்பம் மைதானம், பின்வாசல் வழியாக வந்தால் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும், அதை ஒட்டிய ஸ்டால் 38."

ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. எழுதும்போது ஜெனரேட்டரை ஏன் மறைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. குட்டைக்காரர்களுக்கு அதைவிடப் பழகின சத்தம் எது?

அன்று நாலு மணிக்கு யாரும் வரவில்லை. ஞாயிறு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பின்வாசல் பக்கமிருந்து ஆறேழு பேர் வந்தார்கள். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை காய்ந்த சேறு. கூடவே நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி. பரங்கிப்பேட்டை பக்கம் இரண்டு குட்டை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது.

அவன் ஈஸ்ட்டை ஊற்றினான். பம்பை நிறுத்தினான். ஆறு, ஐந்தரை, ஐந்து என்று எண் இறங்கியது. கல்லூரிப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஃபோனை எடுப்பார்கள். இவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாலரை வந்தபோது ஒருவர் தன்னையறியாமல் பம்பு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டிவிட்டு, வெட்கப்பட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஃபோன் அடித்தது.

"எங்க குட்டையாண்ட டவரே கெடைக்காது, தம்பி" என்றார் அந்த அக்கா. "ஃபோனு எப்டி அடிக்கும்?"

"கரையிலயே சைரன் இருக்குக்கா. டவர் இல்லன்னாலும் அது கத்தும்" என்று அவன் பெட்டியின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

"போன தடவ விடியக்கால ஏரேட்டரு ஃபீஸ் போயிருக்கு. எழுந்து பாக்கசொல்ல ஒரு குட்ட பூரா போச்சு." அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பன்னெண்டரை. ரெண்டு மணித் தீனிக்கு நான் அங்க இருக்கணும். இது வேலை செய்யுதான்னு என் குட்டையில பாத்தாதான் நம்புவேன். லோடு ஆட்டோ வெளிய நிக்கிது. இப்பவே வர்றதுன்னா வா."

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கருவிதான். அவன் என்னைப் பார்த்தான். "நாலு மணி டெமோ இருக்கேடா" என்றான். "போடா" என்றேன். அவன் கருவியைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, லோடு ஆட்டோவின் பின்னால் ஏறிப் போனான்.

காலித் தொட்டியோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு ஸ்பீக்கரில் அவன் குரல் கத்தியது. "ரெண்டு மணித் தீனி!" நாளை அவன் ஷார்ஜாவுக்குச் சரியென்று சொல்லிவிட்டால், ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் இந்தக் குரல்தான் எனக்கு மிஞ்சும் என்று தோன்றியது. அப்போது அழுதேன். ஜெனரேட்டர் புண்ணியத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஏரேட்டர் தண்ணீரை அடிக்கும் சத்தம். "மாப்ள, போட்டாச்சு. எட்டு காட்டுது. அக்கா தீனி போட்டுட்டு வந்து குந்திக்கினு அதையே பாக்குறாங்க. இந்தக் கல்ச்சர் முடிஞ்சு எறா புடிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னுட்டாங்க. மச்சானுக்கு ஃபோன் போட்டு வரலன்னு சொல்லிட்டேன். கத்துனாரு. கத்தட்டும்."

நாலு மணிக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ஏதாவது சொல்லவேண்டும். ஃபோனை எடுத்து அந்தக் கண்காட்சியின் கடைசிப் பதிவை எழுதினேன்:

"இன்று நாலு மணி டெமோ இல்லை. ஸ்டாலில் கருவி இல்லை. பரங்கிப்பேட்டை பக்கம் ஒரு குட்டையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி சொல்கிறோம். தீனி நேரத்தில் மட்டும் வரவேண்டாம்."